சொங்க்ரான், திங்யான், கெமர் புத்தாண்டு: நம் சித்திரை ஒன்றின் உறவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொங்க்ரான் என்றால் நம்ம சங்கராந்தியேதானா?

ஆமாம், அதே சொல்தான். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போவது சங்கராந்தி. அது தாய்லாந்தில் சொங்க்ரான், கம்போடியாவில் சங்க்ரான் ஆனது. மியான்மரில் எழுதுவது திங்யான் என்பது போல இருந்தாலும் வாயில் கிட்டத்தட்ட 'தஜான்' என்று வரும். நாம் சங்கராந்தி என்றதும் தைப் பொங்கலை நினைப்போம், அது மகர சங்கராந்தி. அவர்களுக்குச் சங்கராந்தி என்றாலே மேஷ சங்கராந்தி, அதாவது நம் சித்திரை பிறப்பு. கம்போடியாவில் இதை 'மகா சங்க்ரான்' என்றே சொல்கிறார்கள். லாவோசிலும், சீனாவின் யுன்னான் மாகாணத்தில் வாழும் தாய் இன மக்களிடமும் இதே விழாதான்.

சூரியன் மேஷத்துக்குள் போவது மார்ச் 21 என்று படித்தேனே, பிறகு ஏன் எல்லாரும் ஏப்ரல் பாதியில் கொண்டாடுகிறார்கள்?

மேற்கத்திய ஜோதிடத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள்தான் மேஷத்தின் தொடக்கம், அதனால் அங்கே மார்ச் 20 அல்லது 21. நம் பஞ்சாங்கமும் தென்கிழக்காசியப் பஞ்சாங்கங்களும் விண்மீன்களை வைத்து மேஷத்தை அளக்கின்றன. ஏறக்குறைய 1500 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெதுவாகத் திசை மாறிக்கொண்டே இருப்பதால் சமநாள் பின்னே நகர்ந்துவிட்டது, இப்போது இடைவெளி மூன்று வாரத்துக்கும் மேல்.

நமக்குப் புத்தாண்டு ஒரே நாள். அவர்களுக்கு மட்டும் ஏன் மூன்று நாள், நான்கு நாள்?

பெரும்பாலும் "ஊர்ப் பெரிய விழா, அதனால் நீண்ட விடுமுறை" என்று பதில் சொல்லிவிடுவார்கள். அது சரியான காரணம் இல்லை. அந்த நாட்கள் ஒரு கணக்கிலிருந்து வருகின்றன. அவர்கள் பஞ்சாங்கத்தில் சூரியன் மேஷத்துக்குள் இரண்டு முறை நுழைகிறது, முதல் நுழைவுக்கும் இரண்டாவது நுழைவுக்கும் நடுவே இருக்கும் சுமார் இரண்டு நாள் நான்கு மணி நேரம்தான் விழா.

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு நாட்காட்டியே போதும். மார்கழிக்கு 29 நாள், ஆனிக்குப் பல ஆண்டுகளில் 32 நாள். ராசி எல்லாம் ஒரே அளவுதான், ஆனால் சூரியன் மார்கழியில் வேகமாகவும் ஆனி, ஆடியில் மெதுவாகவும் நகர்கிறது (பூமி ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் அப்படித் தெரிகிறது). இப்படி வேகம் கூடிக் குறையும் சூரியனை நேரடியாகக் கணக்குப் போடுவது கடினம். அதனால் பழைய கணிதர்கள் முதலில் ஆண்டு முழுக்க ஒரே வேகத்தில் ஓடும் ஒரு கற்பனைச் சூரியனை வைத்துக்கொண்டார்கள். அதன் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு ஒரு திருத்தம் போட்டு உண்மைச் சூரியனின் இடத்துக்கு வந்தார்கள். ஒரே வேகத்தில் போவதற்கு மத்தியம சூரியன் என்றும், திருத்தியதற்கு ஸ்புட சூரியன் என்றும் பெயர்.

மார்கழி, தை மாதங்களில் வேகமாக ஓடிய ஸ்புட சூரியன், சித்திரை வரும் நேரத்தில் மத்தியம சூரியனைவிட இரண்டு பாகைக்குச் சற்றே அதிகமாக முன்னால் போயிருக்கும். சூரியன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகரும் என்பதால், மேஷத்தின் வாசலை ஸ்புட சூரியன் இரண்டு நாளுக்குச் சற்று முன்பே தொட்டுவிடும், மத்தியம சூரியன் பின்னால் வந்து சேரும். அந்த இடைவெளி ஆண்டிலேயே மிக அதிகமாக இருக்கும் சமயமும் ஏறக்குறைய இதுதான்.

இந்தியாவில் நாம் ஸ்புட சூரியன் நுழைவதை மட்டும் புத்தாண்டாக எடுத்துக்கொண்டோம், மத்தியம நுழைவு கணிதரின் தாளோடு நின்றுவிட்டது. தென்கிழக்காசியாவில் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். முதல் நுழைவு சங்கராந்தி, இரண்டாவது நுழைவில்தான் ஆண்டு எண் மாறும். எனக்கு இந்த விழாக்களில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். ஒரு கணிதத் திருத்தத்தின் அளவை முழு நாடே மூன்று நாள் வாழ்ந்து பார்க்கிறது.

அந்த மூன்று நாட்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டா?

உண்டு, பெயரே கணக்கைச் சொல்லிவிடும். கம்போடியாவில் முதல் நாள் மகா சங்க்ரான், நடுநாள் வனபத், கடைசி நாள் லெங் சாக். 'லெங்' என்றால் ஏறுதல், 'சாக்' என்பது நம் சகாப்தம் என்ற சொல்லில் இருக்கும் அதே சகம். ஆண்டு எண் ஒன்று ஏறும் நாள். தாய்லாந்தில் அதே சொற்கள் 'தலெங் சோக்' என்று இருக்கின்றன, நடுநாள் 'நாவ்'. மியான்மரில் முதல் நாள் அக்ய, அதாவது இறங்குதல், நடுநாள் அக்யத், கடைசி நாள் அதத், அதாவது ஏறுதல். அக்ய நாளுக்கு முந்தைய நாளை அக்யோ என்று சொல்லி அன்றே விழாவைத் தொடங்கிவிடுவார்கள்.

கணக்கை ஒரு ஆண்டுக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

2024ஐ எடுத்துக்கொள்வோம், அது நல்ல உதாரணம், ஏன் என்று அடுத்த கேள்வியில் தெரியும்.

இவர்களின் ஆண்டு எண் சூளசகராஜ், அதாவது சிறிய சகாப்தம். அது கி.பி. 638 மார்ச் 22ல் தொடங்குகிறது. 2024 ஏப்ரலில் 638ஐக் கழித்தால் 1386. தாய்லாந்து, கம்போடியாவின் பழைய விதியில் 800 ஆண்டுகளுக்குச் சரியாக 292207 நாட்கள். பின்னம் வராமல் இருக்க ஒரு நாளை 800 துண்டாக்கிக் கணக்குப் போடுகிறார்கள். தொடக்க நாளன்று மத்தியம சூரியன் நுழைந்த நேரத்துக்காக 373 துண்டுகளைக் கூட்ட வேண்டும்:

```
(292207 × 1386 + 373) ÷ 800 = 506249.09375
```

முழு எண் 506249 என்பது தொடக்க நாளிலிருந்து ஓடிய நாட்கள். நம் கணிதத்தில் அகர்கணம் என்பது இதுவே. அத்தனை நாள் எண்ணினால் 2024 ஏப்ரல் 16க்கு வந்து நிற்கும். மீதிப் பின்னம் 0.09375ஐ 24ஆல் பெருக்கினால் 2.25, அதாவது அதிகாலை 2:15. மத்தியம சூரியன் நுழைவது, ஆண்டு எண் ஏறுவது இந்த நேரத்தில்.

இதிலிருந்து 2 நாள் 3 மணி 57 நிமிடம் 36 விநாடியைக் கழித்தால் ஸ்புட சூரியன் நுழையும் நேரம் கிடைக்கும்: ஏப்ரல் 13 இரவு 10:17. அவ்வளவுதான். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு வகுத்தல், ஒரு கழித்தல். அரசு அறிவிப்பில் வரும் நேரம் சில ஆண்டுகளில் இதிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும். விதியைப் பயன்படுத்துகிறவர்கள் கடைசித் திருத்தங்களை வேறு மாதிரி போடுவதே அதற்குக் காரணம், நாள் பெரும்பாலும் மாறாது.

2024ல் கம்போடியாவில் நான்கு நாள் கொண்டாடினார்கள், அடுத்த வருடம் மூன்று நாள்தான். யாராவது கூடுதல் விடுமுறை கொடுத்தார்களா?

இல்லை, மேலே வந்த விடையைப் பாருங்கள். சங்க்ரான் 13ஆம் தேதி இரவு 10:17க்கு வந்தது, லெங் சாக் 16ஆம் தேதி அதிகாலை 2:15க்கு. நடுவில் 14, 15 என்று இரண்டு முழு நாட்கள் மாட்டிக்கொண்டன. வனபத் இரண்டு நாளானது.

இடைவெளி எப்போதும் இரண்டு நாளும் நான்கு மணிக்கு இரண்டரை நிமிடம் குறைவான நேரமும். ஆகவே சங்க்ரான் இரவு எட்டு மணிக்குள் வந்துவிட்டால் லெங் சாக் மூன்றாவது நாளின் நள்ளிரவுக்குள் முடிந்துவிடும், மூன்று நாள் விழா. எட்டு மணியைத் தாண்டி (துல்லியமாக 8:02க்குப் பிறகு) வந்தால் லெங் சாக் நள்ளிரவைத் தாண்டி நான்காவது நாளில் விழும்.

ஒவ்வோர் ஆண்டும் நேரம் 6 மணி 12 நிமிடம் 36 விநாடி முன்னேறும், லீப் ஆண்டில் ஒரு நாள் கூடுவதால் தேதி திரும்பி வரும். நிகரமாக நான்கு ஆண்டுக்கு 50 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. இதைப் போட்டுப் பார்த்தால் 2012ல் இரவு 7:46, மூன்று நாள். 2016ல் 8:36, நான்கு நாள். 2020ல் 9:27, 2024ல் 10:17, 2028ல் 11:07, மூன்றிலும் நான்கு நாள். 2032ல் இரவு 11:58! நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது. அறிவிப்பு நேரம் கொஞ்சம் முன்னே பின்னே போகும் என்று சொன்னேனே, அந்த ஆண்டு மட்டும் அது விழாவின் முதல் நாளையே மாற்றிவிடும். 2036ல் சந்தேகமே இல்லை, நள்ளிரவைத் தாண்டி ஏப்ரல் 14க்குப் போய்விடும், மறுபடி மூன்று நாள். ஆக, இப்போது லீப் ஆண்டுகளில் மட்டும் வரும் நான்கு நாள் விழா ஒரு தற்காலிக வரிசை.

அதே 2024ல் மியான்மர் புத்தாண்டு ஏப்ரல் 17. அது ஏன் இன்னும் தள்ளி?

இரண்டு காரணங்கள். மியான்மரில் மத்தியம சூரியன் நுழையும் அதத் நாள் இன்னும் பழைய ஆண்டின் கடைசி நாள்தான், அடுத்த விடியலில் தொடங்கும் முழு நாளே புத்தாண்டு நாள். அதத் 16ஆம் தேதி என்றால் புத்தாண்டு 17. கம்போடியாவிலோ லெங் சாக் நாளிலேயே எண் மாறிவிடுகிறது.

இரண்டாவது, மியான்மர் கணிதர்கள் 19ஆம் நூற்றாண்டில் பழைய 292207 விதியை விட்டுவிட்டு, சூரிய சித்தாந்தம் என்ற வானியல் நூலின் இன்றைய வடிவத்தில் உள்ள ஆண்டு நீளத்துக்கு வந்தார்கள். வித்தியாசம் ஆண்டுக்கு ஒரு விநாடிக்கும் குறைவு. இடைவெளியும் அவர்களுக்கு 2 நாள் 4 மணி 4 நிமிடம் 41 விநாடி. இவற்றோடு தொடக்க நேரமும் வேறாக இருப்பதால், 2024ல் அவர்களின் அக்ய நேரம் ஏப்ரல் 14 நள்ளிரவு 12:24 என்று வந்தது. கம்போடியாவுக்கு 13ஆம் தேதி இரவு 10:17, மியான்மருக்கு நள்ளிரவைத் தாண்டி 24 நிமிடம். இரண்டு மணி நேர வித்தியாசம்தான், ஆனால் நடுவில் நள்ளிரவு இருந்ததால் கம்போடியாவுக்கு நடுநாள் இரண்டு, மியான்மருக்கு ஒன்று. ஒரே சூரியன், ஒரே வாரம், இரண்டு வித விழா.

தாய்லாந்தில் மட்டும் எப்போதும் 13, 14, 15 தானே?

அது அரசு விடுமுறைக்காக நிலையாக வைத்த தேதி. ஒரு காலத்தில் கணக்கும் அதே நாட்களில் விழுந்தது. இப்போது நகர்ந்துவிட்டது, மேலே சொன்ன கணக்குப்படி தலெங் சோக் 16ஆம் தேதி. ஜோதிடர்கள் வெளியிடும் சொங்க்ரான் அறிவிப்பில் பழைய முறை நேரம் தனியாக இருக்கும். அதனால் "15 தானே கடைசி நாள், ஏன் 16 என்று போட்டிருக்கிறது?" என்று குழம்ப வேண்டாம்.

தாய்லாந்தில் ஆண்டு எண்ணும் சொங்க்ரானில் மாறுவதில்லை. 1889லிருந்து ஏப்ரல் 1ஐ ஆண்டுத் தொடக்கமாக வைத்திருந்தார்கள், 1941லிருந்து ஜனவரி 1. ஆண்டு எண் விட்டுப் போனாலும் விழா போகவில்லை.

வெட்டுப்பட்ட தலை ஒன்றை ஏழு தேவிகள் சுமக்கும் கதை இந்த விழாவோடு எப்படிச் சேர்ந்தது?

தாய்லாந்திலும் கம்போடியாவிலும் கதை ஏறக்குறைய ஒன்றே. கபில மகாபிரம்மா தர்மபாலன் என்ற அறிவாளி இளைஞனிடம் விடுகதை போடுகிறார்: மனிதனின் ஸ்ரீ, அதாவது மங்கலம், காலையில் எங்கே, நண்பகலில் எங்கே, மாலையில் எங்கே? தோற்றவன் தலை போகும். விடை தெரியாமல் தவித்தவன், மரத்தடியில் படுத்திருக்கும்போது கழுகுகள் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். காலையில் முகத்தில், அதனால் முகம் கழுவுகிறோம். நண்பகலில் மார்பில், அதனால் மார்பில் நீரும் மணமும் இடுகிறோம். மாலையில் பாதத்தில், அதனால் கால் கழுவுகிறோம். பிரம்மா தோற்றார். அவர் தலை தரையில் விழுந்தால் உலகம் எரியும், கடலில் விழுந்தால் கடல் வற்றும், வானில் எறிந்தால் மழை நின்றுபோகும். ஆகவே அவருடைய ஏழு மகள்கள் ஆண்டுக்கு ஒருத்தியாக அந்தத் தலையைத் தட்டில் ஏந்தி மேருவை வலம் வருகிறார்கள்.

எந்த ஆண்டு யார் முறை? சங்க்ரான் விழும் கிழமைதான் முடிவு செய்யும். 2024 ஏப்ரல் 13 சனிக்கிழமை, அதனால் மயில்மேல் வரும் மகோதரா தேவி. திங்கள் என்றால் புலிமேல் வருபவள், வியாழன் என்றால் யானைமேல் வருபவள். கம்போடியாவில் அன்று வீட்டு வாசலில் பழமும் விளக்கும் ஊதுபத்தியும் வைத்து, குறித்த நேரத்துக்காகக் காத்திருப்பார்கள், அது நள்ளிரவானாலும் சரி.

மியான்மர் கதையில் சண்டை நேரடியாகவே கணக்கைப் பற்றியது. பிரம்மா ஒருவரும் தஜமின் என்று அவர்கள் சொல்லும் சக்ரனும் (நம் இந்திரன்) கணிதத்தில் பந்தயம் கட்டுகிறார்கள், பிரம்மா தோற்றுத் தலையை இழக்கிறார், அவருக்கு யானைத் தலை வைக்கிறார்கள். நம் பிள்ளையார் வேறு வழியில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். அக்ய நேரத்தில் தஜமின் பூமிக்கு இறங்குகிறார். நல்லது செய்தவர் பெயரைத் தங்க ஏட்டிலும், கெட்டது செய்தவர் பெயரை நாய்த்தோல் ஏட்டிலும் எழுதிக்கொண்டு, அதத் நேரத்தில் மேலே ஏறிப்போகிறார். இறங்குவது ஸ்புட நுழைவு, ஏறுவது மத்தியம நுழைவு. கணிதம் தெரியாத பாட்டிக்கும் அந்த இரண்டு நாள் நான்கு மணி நேரம் எதற்கு என்று தெரிந்திருந்தது: அதுதான் தஜமின் நம்மோடு இருக்கும் நேரம்.

இலங்கையில் புத்தாண்டுக்கு இடையில் அடுப்பு மூட்டாமல் இருக்கும் நேரமும் இந்த இடைவெளிதானா?

இல்லை, நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். சிங்கள வழக்கில் நோனகதே என்ற புண்ணிய காலம் 12 மணி 48 நிமிடம். சூரிய வட்டத்தின் ஒரு விளிம்பு ராசி எல்லையைத் தொடுவதிலிருந்து மறு விளிம்பு கடப்பது வரை ஆகும் நேரம் அது. பாதி பிறப்புக்கு முன், பாதி பின். 2024ல் சிங்களப் பஞ்சாங்கப்படி பிறப்பு ஏப்ரல் 13 இரவு 9:05, அதனால் புண்ணிய காலம் பிற்பகல் 2:41 முதல் அதிகாலை 3:29 வரை. இங்கே இருப்பது ஒரே சூரியனின் அகலம். திங்யானில் இருப்பது இரண்டு சூரியன்களுக்கு இடையே உள்ள தூரம்.

தேதி இப்படியே தள்ளிக்கொண்டே போகுமா?

போகும். இவர்களின் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட சுமார் 24 நிமிடம் நீளம். அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். 638ல் தொடக்க நாள் இன்றைய நாட்காட்டியில் மார்ச் 25 ஆகும். 1386 ஆண்டுகளில் அது ஏப்ரல் 16க்கு வந்திருக்கிறது, அதாவது 22 நாள். நம் சித்திரை ஒன்றும் இதே வழியில்தான் நகர்கிறது.

நேரில் போனால் எந்த நாளில் போவது நல்லது?

தண்ணீர் வேண்டுமானால் முதல் நாட்கள். மியான்மரில் தெருவோரம் 'மண்டத்' போட்டுக் குழாய் வைத்து அடிப்பார்கள், மண்டபம் என்ற சொல்தான் அது. பனைவெல்லம் உள்ளே வைத்து வேகவைத்த அரிசிமாவு உருண்டைகளை வருவோருக்கெல்லாம் கொடுப்பார்கள், சிலவற்றில் வெல்லத்துக்குப் பதில் மிளகாய் இருக்கும், மெதுவாகக் கடியுங்கள். வடக்குத் தாய்லாந்தில் நடுநாளில் யாரையும் திட்டக்கூடாது, கெட்ட வார்த்தை பேசினால் ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். கம்போடியாவில் கோயில் வளாகத்தில் மணல் குன்று குவிப்பதையும், லெங் சாக் அன்று புத்தர் சிலைக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் நறுமண நீர் ஊற்றுவதையும் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் மியான்மரின் புத்தாண்டு நாளைத் தவறவிடாதீர்கள். தண்ணீர் ஆட்டம் முந்தைய நாளோடு முடிந்திருக்கும், தெரு அமைதியாக இருக்கும். ஆற்றிலும் குளத்திலும் மீன் விடுவார்கள். இளையவர்கள் முதியவர்களை உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஒரு மரப்பட்டையையும் 'கின்பூன்' காயையும் ஊறவைத்த நுரையால் முடியை அலசி விடுவார்கள். கின்பூன் என்பது நம் சீயக்காய்.